ஓ.டி. கணக்கின் நாள்வட்டி: இருப்பு ஏறி இறங்கும் கடைக்கான கேள்வி பதில்கள்

பெங்களூரில் ஹலசூரு, ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் சிலருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வாக்கில் அவர்களிடமிருந்து வரும் கேள்விகள்தான் இவை. எடுத்துக்காட்டுக்கு ஸ்ரீராமபுரத்து ஸ்டேஷனரிக் கடை ஒன்றை வைத்துக்கொள்கிறேன். அவென்யூ ரோட்டில் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் கடை, பள்ளி திறக்கும் ஜூன் மாதம், ஓ.டி. அதாவது ஓவர்டிராஃப்ட் லிமிட் 10 லட்சம், வட்டி ஆண்டுக்கு 10.95 சதவீதம்.

லிமிட் பத்து லட்சம்னா வட்டி முழுப் பத்து லட்சத்துக்குமா?

இல்லை. எவ்வளவு எடுத்தீர்களோ அதற்கு மட்டும்தான், அதுவும் எத்தனை நாள் அது வெளியே இருந்ததோ அத்தனை நாளுக்கு மட்டும். டேர்ம் லோனுக்கும் ஓ.டி.க்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். லோனில் தவணை முன்பே முடிவாகிவிடும். ஓ.டி.யிலோ இந்த மாத வட்டி எவ்வளவு என்பது மாதம் முடிந்து, ஒவ்வொரு நாளும் கணக்கு எங்கே நின்றது என்று பார்த்த பிறகுதான் தெரியும்.

ஒரே நாள்ல இருபது தடவை பணம் வருது, போகுது. எந்த இருப்பை எடுப்பாங்க?

அன்றைய கடைசி இருப்பை. காலையில் மொத்த வியாபாரிக்கு ஐந்து லட்சம் அனுப்பி, அதே நாள் சாயங்காலம் வேறு ஒருவரிடமிருந்து ஐந்து லட்சம் உள்ளே வந்துவிட்டால், இடையில் போன அந்த ஐந்து லட்சத்துக்கு வட்டி எதுவும் இல்லை. அதே பணம் நள்ளிரவு தாண்டி மறுநாள் கணக்கில் விழுந்தால் ஒரு நாள் வட்டி உண்டு.

இன்னொன்று, ஞாயிறும் நாள்தான், பண்டிகை விடுமுறையும் நாள்தான். வங்கி பூட்டியிருந்தாலும் வட்டி ஓடும், இடையில் பணம் எதுவும் வரவோ போகவோ இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இரவு நின்ற இருப்பே சனி, ஞாயிறுக்கும் எடுத்துக்கொள்ளப்படும். பரிவர்த்தனை இல்லாத அந்த நாட்களுக்கு ஸ்டேட்மென்டில் வரியே இருக்காது, அதனால் சொந்தமாகக் கணக்குப் போடுகிறவர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாசத்துக்கு முழுசா போட்டுக் காட்ட முடியுமா?

முதலில் ஒரு நாள் விகிதத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். 10.95-ஐ 365-ஆல் வகுத்தால் சரியாக 0.03 சதவீதம். அதாவது ஒரு லட்சம் ரூபாய் ஒரு நாள் வெளியே இருந்தால் 30 ரூபாய். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் விகிதம் வேறாக இருக்கலாம். அப்போது ஒரு லட்சத்தை விகிதத்தால் பெருக்கி 36500-ஆல் வகுத்தால் உங்களுக்கான எண் வந்துவிடும்.

இப்போது கடையின் ஜூன் மாதம். ஒன்றாம் தேதி கணக்கு நான்கு லட்சம் கடனில் நிற்கிறது. 5-ம் தேதி நோட்டுப் புத்தகச் சரக்குக்கு மூன்றரை லட்சம் போகிறது. 10-ம் தேதி கடை வசூல் இரண்டு லட்சம் கட்டுகிறார்கள். 15-ம் தேதி ஒரு பள்ளி மொத்த ஆர்டருக்கான ஆறு லட்சத்தை அனுப்புகிறது, கணக்கு கடனிலிருந்து வெளியே வந்து ஐம்பதாயிரம் நம் பக்கம் நிற்கிறது. 18-ம் தேதி மறுபடி மூன்றரை லட்சத்துக்குச் சரக்கு. 25-ம் தேதி வாடகை, ஆள் சம்பளம், பழைய பாக்கி என்று இரண்டு லட்சம். இருப்பு மாறாமல் நின்ற நாட்களைச் சேர்த்துச் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

1 முதல் 4 வரை: 4 லட்சம் × 4 நாள் = 16
5 முதல் 9 வரை: 7.5 லட்சம் × 5 நாள் = 37.5
10 முதல் 14 வரை: 5.5 லட்சம் × 5 நாள் = 27.5
15 முதல் 17 வரை: கடன் இல்லை, 3 நாள் = 0
18 முதல் 24 வரை: 3 லட்சம் × 7 நாள் = 21
25 முதல் 30 வரை: 5 லட்சம் × 6 நாள் = 30

கடைசியில் உள்ள எண்ணை நான் ‘லட்ச-நாள்’ என்று எழுதிக்கொள்வேன். எத்தனை லட்சம், எத்தனை நாள் என்ற இரண்டையும் பெருக்கியது, அவ்வளவுதான். எல்லாம் கூட்டினால் 132 லட்ச-நாள். ஒரு லட்ச-நாளுக்கு 30 ரூபாய், ஆகவே ஜூன் மாத வட்டி 3,960 ரூபாய். நாட்களையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்: 4, 5, 5, 3, 7, 6, மொத்தம் 30. இது மாதத்தின் நாட்களோடு ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஒரு நாளை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள், இல்லை விட்டிருக்கிறீர்கள். வட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் சரிபார்ப்பது என் பழக்கம்.

பணம் மாறிய தேதி எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம். 5-ம் தேதி பணம் போனால் அன்றைய கடைசி இருப்பு ஏழரை லட்சம், அதனால் 5-ம் தேதி புதிய இருப்போடு சேரும், பழையதோடு இல்லை.

மூணு நாள் என் பணம் ஐம்பதாயிரம் பேங்க்ல சும்மா நின்னுது. அதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லையா?

கிடையாது. நடப்புக் கணக்கு போலத்தான், நம் பக்கம் நிற்கும் பணத்துக்கு வட்டி இல்லை, மற்ற நாட்களின் கடனிலிருந்தும் அதைக் கழிக்க மாட்டார்கள். அந்த மூன்று நாளை ஒன்றரை லட்ச-நாளாகக் கழித்துப் பார்த்தால் 3,915 வரும், வங்கி போட்டிருப்பதோ 3,960. அந்த 45 ரூபாயை வங்கி தப்பாகப் பிடித்துவிட்டது என்று எக்செல் ஷீட்டோடு வந்தவர்களும் உண்டு. தப்பு ஷீட்டில்தான், நம் பக்கம் நின்ற நாளை மைனஸாகக் கூட்டிவிட்டது.

மாச ஆரம்பத்துல நாலு லட்சம், கடைசியில அஞ்சு லட்சம். நாலரை லட்சம்னு சராசரி எடுத்தா போதாதா?

போதாது. நாலரை லட்சத்துக்கு 30 நாள் என்றால் 4,050 ரூபாய், உண்மையான 3,960-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அது தற்செயல். இதை நம்பி அடுத்த மாதமும் அப்படியே போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

எப்படி என்று பாருங்கள். அதே கடை, அதே செலவு, அதே வரவு, ஆரம்ப இருப்பும் கடைசி இருப்பும் அதேதான். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுவோம்: பள்ளி அந்த ஆறு லட்சத்தை 15-ம் தேதிக்குப் பதிலாக 24-ம் தேதி அனுப்புகிறது. அப்போது 15 முதல் 17 வரை ஐந்தரை லட்சம் கடன் தொடரும், 16.5 லட்ச-நாள். 18-ம் தேதி சரக்கு எடுத்ததும் கடன் ஒன்பது லட்சத்துக்கு ஏறி 23 வரை ஆறு நாள் நிற்கும், 54 லட்ச-நாள். 24-ம் தேதி மூன்று லட்சத்துக்கு இறங்கும், ஒரு நாள், 3. மற்ற நாட்களில் மாற்றமில்லை. மொத்தம் 184.5 லட்ச-நாள், வட்டி 5,535 ரூபாய்.

ஆரம்பமும் முடிவும் ஒன்றே என்பதால் சராசரி இப்போதும் 4,050 என்றுதான் சொல்லும், ஆனால் வட்டி 1,575 ரூபாய் கூடியிருக்கிறது. பள்ளி ஒன்பது நாள் தள்ளிக் கொடுத்ததன் விலை அது. “பணம்தான் வந்துடுச்சே அண்ணே, அப்புறம் என்ன” என்று கடைக்காரர் சொல்லும்போது நான் இந்த எண்ணைத்தான் எழுதிக் காட்டுவேன். அடுத்த தடவை பள்ளிக்கு விலை சொல்லும்போது இதையும் சேர்த்து யோசிப்பார்.

எக்செல்ல எப்படிப் போடறது?

A பத்தியில் மாதத்தின் எல்லாத் தேதிகளும், ஒன்றுவிடாமல். B பத்தியில் அன்றைய கடைசி இருப்பு, கடன் என்றால் மைனஸ். பரிவர்த்தனை இல்லாத நாளுக்கு முந்தைய நாளின் இருப்பை அப்படியே கீழே இழுத்துவிடுங்கள். பிறகு C2-ல் இதைப் போட்டு C31 வரை இழுங்கள்:

```
=MAX(0,-B2)*10.95/36500
```

மொத்தத்துக்கு, 30 நாள் மாதம் என்றால்:

```
=ROUND(SUM(C2:C31),0)
```

அந்த `MAX` எதற்கென்றால், முன்பு சொன்ன நம் பக்கம் நிற்கும் நாட்களைச் சுழியாக்க. அது இல்லாவிட்டால் 3,915 வந்து நிற்கும். ஒவ்வொரு நாளின் வட்டியையும் தனித்தனியாக முழு ரூபாய்க்கு மாற்றாதீர்கள், கடைசியில் ஒருமுறை போதும்.

சில வங்கிகளின் ஸ்டேட்மென்ட் புதிய தேதி மேலே வருமாறு இறங்குகிறது. அதில் ஒரே தேதிக்கு ஆறு வரி இருந்தால் அன்றைய கடைசி இருப்பு மேல்வரியில் இருக்கும், கீழ்வரியில் இல்லை. இதைக் கவனிக்காமல் கீழ்வரியை எடுத்தால் ஒவ்வொரு நாளும் காலை முதல் பரிவர்த்தனைக்குப் பிந்தைய இருப்புதான் ஷீட்டில் ஏறும். மொத்தம் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும், அதனால்தான் இது பிடிபட நேரமாகிறது.

நான் போட்ட தொகையும் பேங்க் பிடிச்ச தொகையும் ஒத்து வரலையே?

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் சண்டைக்குப் போகுமுன் வித்தியாசத்தை 30-ஆல், அதாவது உங்கள் ஒரு லட்ச-நாள் வட்டியால் வகுத்துப் பாருங்கள். எத்தனை லட்ச-நாள் இடிக்கிறது என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் அந்த எண்ணே எந்தப் பரிவர்த்தனை என்று காட்டிக்கொடுக்கும்.

ஹலசூருவில் என் மாமாவின் கடைக் கணக்கில் எனக்கு இது நடந்தது. அவருக்கும் அப்போது இதே விகிதம். வங்கி நான் போட்டதைவிட 162 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருந்தது. இரண்டு சாயங்காலம் ஷீட்டை மேலும் கீழும் பார்த்தேன், எல்லாக் கூட்டலும் சரி. அப்புறம்தான் 162-ஐ 30-ஆல் வகுத்தேன்: 5.4. ஐந்து புள்ளி நான்கு லட்ச-நாள். அந்த மாதம் மாமாவுக்கு வந்த வரவுகளில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு ஒரு செக் இருந்தது, 1.8 பெருக்கல் 3, அதே 5.4. செக்கைப் போட்டது வெள்ளிக்கிழமை. ஸ்டேட்மென்டை மறுபடி எடுத்துப் பார்த்தால் முதல் தேதிப் பத்தியில் வெள்ளி, அதற்குப் பக்கத்திலேயே ‘வேல்யூ டேட்’ என்ற பத்தியில் திங்கள். நான் முதல் பத்தியைப் பிடித்திருந்தேன், வங்கி இரண்டாவதை. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள் அந்தச் செக் வட்டியைக் குறைக்கவில்லை. வட்டிக்கு எடுப்பது வேல்யூ டேட்டைத்தான். இரண்டு பத்தி இருக்கும் ஸ்டேட்மென்ட் என்றால் B பத்தி இருப்பை அந்தத் தேதிப்படி நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும், அச்சாகியிருக்கும் இருப்பை அப்படியே நம்பக் கூடாது.

நீங்கள் கொடுக்கும் செக்குக்கும் இதே விதிதான், ஆனால் நமக்குச் சாதகமாக: எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அல்ல, கணக்கிலிருந்து பணம் கழிந்த நாளிலிருந்துதான் வட்டி.

வேறு இரண்டு காரணங்களையும் பார்த்திருக்கிறேன். ஒன்று, 360 நாள் என்று வகுத்துவிடுவது, நம் கணக்கில் அது 4,015 என்று காட்டும். இன்னொன்று, வங்கி வட்டியை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை போட்டது என்பது. ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசிவரை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். வட்டி பிடித்த வரியின் விவரத்திலேயே அந்தக் காலம் எழுதியிருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் கிளையில் நாள்வாரி வட்டித் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டால் அரை மணி நேர வேலை.

வட்டி விகிதம் மாசத்தோட நடுவுல மாறினா?

மாதத்தை இரண்டாக வெட்டுங்கள். 15-ம் தேதி முதல் விகிதம் 10.45 ஆனது என்று வைத்துக்கொள்வோம். 14 வரை உள்ளது 16, 37.5, 27.5 சேர்ந்து 81 லட்ச-நாள், பழைய விகிதத்தில் 2,430 ரூபாய். அதற்குப் பிறகு உள்ள 51 லட்ச-நாள் புதிய விகிதத்தில் 1,460 ரூபாய். மொத்தம் 3,890.

சிறு, குறு தொழில்களுக்கு 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி விகிதத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் ரெப்போ குறைந்த அன்றே உங்கள் விகிதமும் குறையும் என்று எண்ணாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியமைக்க வேண்டும் என்பதுதான் விதி, எந்தத் தேதி என்பது உங்கள் சாங்ஷன் கடிதத்தில் இருக்கும். 2025 ஜூன் 6 அன்று ரெப்போ அரை சதவீதம் குறைந்து 5.50 ஆனபோது, “நேத்தே குறைச்சிட்டாங்களே, ஏன் எனக்குப் பழைய வட்டி” என்று எனக்குப் போன் வந்தது. கடிதத்தை எடுத்துப் பார்த்தோம், அவருடைய மாற்றத் தேதி இன்னும் வரவில்லை.

பிடிச்ச வட்டிக்கு மேல மறுபடி வட்டி போடறாங்களா?

ஆமாம். ஜூன் 30 அன்று 3,960 பற்று வைத்ததும் கடன் 5,03,960 ஆகிவிடும், ஜூலை அங்கிருந்துதான் தொடங்கும். தனியாக வட்டி கட்டாமல் ஆண்டு முழுக்க அப்படியே ஏறவிட்டால் 10.95 என்பது உண்மையில் சுமார் 11.5 சதவீதமாக வந்து முடியும். கடையில் தினம் வசூல் வந்து விழுந்துகொண்டிருந்தால் இது பெரிதாகத் தெரியாது. கடன் இறங்காமல் லிமிட்டை ஒட்டியே நிற்கும் கணக்கில்தான் இது வலிக்கும்.

லிமிட்டைத் தாண்டிட்டா என்ன ஆகும்?

தாண்டிய தொகைக்கும் வட்டி உண்டு, அதோடு தனி அபராதக் கட்டணமும் வரும். முன்பு இதை வட்டி விகிதத்தோடு இரண்டு சதவீதம் என்று ஏற்றிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதை மாற்றியது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் அது அபராதக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போடக் கூடாது. உங்கள் ஸ்டேட்மென்டில் அது வட்டியோடு கலந்து ஒரே வரியாக வந்தால் கேளுங்கள், கேட்கும் உரிமை இருக்கிறது.

தெரியாமலே தாண்டுவதுதான் அதிகம். கணக்கு 9,98,000-ல் நிற்கிறது, உங்கள் பக்கம் எந்தச் செலவும் இல்லை, மாதக் கடைசியில் 3,960 வட்டி விழுகிறது, 10,01,960 ஆகிவிட்டது. லிமிட்டை ஒட்டி நிற்கும் மாதத்தில் 28-ம் தேதி வாக்கிலேயே நாள்வட்டியைக் கூட்டிப் பார்த்து அந்த அளவுக்கு இடம் விட்டு வையுங்கள். தொடர்ந்து 90 நாள் லிமிட்டுக்கு மேலேயே நின்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும், அது வட்டியைவிடப் பெரிய தலைவலி.

வசூல் பணத்தை ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு கட்டினா பெரிய வித்தியாசமா?

தொகையைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலக் கல்லாப்பெட்டி 80,000 ரூபாயைத் திங்கட்கிழமை கட்டினால் மூன்று நாள், ஒரு நாளைக்கு 24 வீதம் 72 ரூபாய். அதற்காக மழையில் ஆட்டோ பிடித்து ஓட வேண்டியதில்லை.

ஆனால் நிறையக் கடைகளில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கவுன்டரில் ஒட்டியிருக்கும் யுபிஐ க்யூஆர் கடை முதலாளியின் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கும், ஓ.டி. வாங்குவதற்கு முன்பே ஒட்டியது, யாரும் மாற்றவில்லை. வசூல் அங்கே சேர்ந்துகொண்டே போகும், மாதத்துக்கு ஒருமுறை ஓ.டி.க்கு மாற்றுவார்கள். சராசரியாக ஒன்றரை லட்சம் அப்படி அங்கே தங்குகிறது என்றால் தினம் 45 ரூபாய், 30 நாளில் 1,350 ரூபாய் ஓ.டி. வட்டியாகப் போகிறது. சேமிப்புக் கணக்கு அதற்குத் தரும் வட்டி பெரும்பாலும் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. க்யூஆரை ஓ.டி. கணக்குக்கு மாற்றினாலே போதும், மாதம் ஒருமுறை மாற்றும் வேலையும் மிச்சம். மாற்றிய பிறகு முதல் வாரம் ஸ்டேட்மென்டைப் பார்த்து, வசூல் அன்றே விழுகிறதா மறுநாள் விழுகிறதா என்று ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள், நாள்முடிவு இருப்பை எழுதும்போது அது தேவைப்படும்.